36ஆம் பல்லில் குளிருக்குப் பதில் இல்லை, மின் சோதனையில் 41: எதை நம்புவது?

நான்காம்_ஆண்டு_கிளினிக்

பேராதனையில் நான்காம் ஆண்டு படிக்கிறேன். நாளை மறுநாள் ஒரு கேஸைப் பற்றிப் பேச வேண்டியிருக்கிறது, இரண்டு சோதனையும் எதிரெதிராகச் சொல்வதால் குழம்பிப்போய் நிற்கிறேன்.

ஹட்டன் பக்கத் தோட்டத்தில் கொழுந்து பறிக்கும் அம்மா, வயது 42. இடது கீழ்ப்பக்கம் கடிக்கும்போது நோகிறது என்று வந்தார். ஒன்றரை மாதத்துக்கு முன் குளிர்ந்த தண்ணீர் பட்டாலே துடிக்குமாம், பிறகு அது தானாக நின்றுவிட்டதாம். இடது கீழ் முதல் கடைவாய்ப் பல்லான 36இல் பழைய அமல்கம் நிரப்பு இருக்கிறது. தட்டினால் 36 மட்டும் நோகிறது. எக்ஸ்ரேயில் முன்வேரின் நுனியில் தசைநார் இடைவெளி கொஞ்சம் அகன்று தெரிகிறது, கரும்பொட்டு என்று சொல்லும் அளவுக்கு இல்லை.

குளிர்ச் சோதனையில் 36 பதிலே தரவில்லை. மின் சோதனையில் 36க்கு 41, பக்கத்து 37க்கு 38, எதிர்ப்பக்க 46க்கு 31. கருவி பல் உயிரோடு இருக்கிறது என்கிறது, குளிர் இல்லை என்கிறது. எதை எழுதுவது?

இன்டர்ன்_நுவரெலியா

மச்சான், இது லேசான கேள்வி. 80 என்றால் செத்த பல், 20, 30 என்றால் நல்ல பல். 41 நடுவில் இருக்கிறது, அப்படியென்றால் பற்கூழ் பாதி போய்விட்டது. குளிர் நோயாளி சொல்வதைப் பொறுத்தது, கருவி எண்ணைக் காட்டுகிறது. எண் உள்ளதையே நம்பு.

கண்டி_பல்மருத்துவர்

இதில் ஒரு பாதி சரி. கருவியின் எல்லையான 80 வரை ஏற்றியும் நோயாளி எதையும் உணரவில்லை என்றால், அந்தப் பல்லின் நரம்பு பதில் தரவில்லை என்று எழுதலாம். ஆனால் 41 என்பது பற்கூழில் நூற்றுக்கு இவ்வளவு போய்விட்டது என்ற கணக்கு இல்லை. அந்த எண், எவ்வளவு மின்தூண்டலில் நோயாளி முதல் உணர்வைச் சொன்னார் என்பதை மட்டுமே காட்டுகிறது. எனாமல் தடித்த கடைவாய்ப் பல் முன்பல்லை விட அதிகம் கேட்கும். முனையை ஒரு மில்லிமீட்டர் நகர்த்தினாலும் எண் மாறும், பற்பசை காய்ந்தாலும் மாறும். 31க்கும் 41க்கும் இடையிலுள்ள வித்தியாசத்தை வைத்து ஒரு நோயைச் சொல்ல முடியாது.

இரண்டும் வேறு வேறு வழியில் வேலை செய்வதையும் நினைவில் வைக்க வேண்டும். குளிர் பட்டதும் டென்டின் குழாய்களில் உள்ள திரவம் நகர்கிறது, அந்த நகர்வு பற்கூழ் ஓரத்தில் இருக்கும் ஏ-டெல்டா நரம்பு நார்களைத் தூண்டுகிறது. மின்சாரத்துக்குத் திரவ நகர்வு தேவையில்லை, நாரை நேரே தூண்டும். வழி கிடைத்தால் அந்த மின்சாரம் வேறு பல்லின் நாரையும் தூண்டும். உங்கள் கேஸில் எனக்கு உறுத்துவது இதுதான்: 36க்கு 41, 37க்கு 38, இரண்டும் ஏறக்குறைய ஒரே எண்.

அதனால் கொஞ்சம் விபரம் சொல்லுங்கள். அமல்கம் எந்தப் பக்கம்? 37இல் நிரப்பு உண்டா, இரண்டும் தொடுகின்றனவா? முனையை எங்கே வைத்தீர்கள்? குளிருக்கு எதைப் பயன்படுத்தினீர்கள், எதில் நனைத்தீர்கள்? அந்த அம்மா வெற்றிலை போடுகிறவரா?

நான்காம்_ஆண்டு_கிளினிக்

டொக்டர், 36இன் பின்பக்கத்தில் அமல்கம், 37இன் முன்பக்கத்திலும் அமல்கம். இரண்டும் ஒன்றையொன்று தொடுகின்றன, ஃபுளோஸ் இறுக்கமாகத்தான் போனது. முனையை மேற்பரப்பின் நடுவில், அமல்கத்துக்குக் கிட்ட வைத்தேன், பற்பசை நிறையவே இருந்தது. எத்தில் குளோரைட்டை காது துடைக்கும் பஞ்சுக் குச்சியில் தெளித்து வைத்தேன். வெற்றிலை நிறையப் போடுகிறவர், கடைவாய்ப் பற்கள் நன்றாகத் தேய்ந்து மஞ்சளாக டென்டின் தெரிகிறது.

கண்டி_பல்மருத்துவர்

அப்படியென்றால் இரண்டு முடிவையுமே இப்போதைக்கு ஏற்கக் கூடாது. இரண்டையும் திரும்பச் செய்ய வேண்டும்.

முதலில் குளிர். கடையில் வாங்கும் பஞ்சுக் குச்சியில் பஞ்சு இறுக்கமாகச் சுற்றியிருக்கும், திரவம் அதில் தங்காது. எத்தில் குளோரைட் குளிரூட்டும் ஸ்பிரேயை விட மென்மையான தூண்டல். வெற்றிலை, பாக்கு மென்று தேய்ந்த பல்லில் உள்ளே மூன்றாம் நிலை டென்டின் தடித்துப் படிந்திருக்கும், பற்கூழ் அறையும் சுருங்கியிருக்கும். அந்தத் தடிப்பு குளிரைத் தாமதமாக்கும், சிலவேளை உணர்வே எழாது. ஆகவே பதில் வராததற்குக் காரணம் பல்லா, குச்சியா என்று உங்களால் சொல்ல முடியாது.

இனி செய்ய வேண்டியது இது. டெட்ராஃபுளூரோஈதேன் ஸ்பிரே எடுங்கள், அது ஏறக்குறைய -26 பாகை செல்சியசில் கொதிக்கும். பெரிய, தளர்வான பஞ்சு உருண்டையை ட்வீசரில் பிடித்து, வாய்க்கு வெளியே வைத்து நனையும்வரை தெளியுங்கள். பல்லின் மேல் நேரே தெளிக்க வேண்டாம், ஈறும் நாக்கும் குளிர்ந்து எல்லாம் கலந்துவிடும். உருண்டையில் வெண்பனி படர்ந்ததும் தாமதிக்காமல் வைக்க வேண்டும்.

பற்களைப் பஞ்சுச் சுருளால் மறித்து, காற்றாலும் துடைத்தும் உலர்த்துங்கள். உருண்டையை ஈறைத் தொடாமல் வெளிப்பக்க நடுப்பகுதியில் வையுங்கள். நோயாளி கை தூக்கும்வரை, அதிகம் போனால் 15 செக்கன். கை தூக்கியதும் எடுத்துவிட வேண்டும். பிறகு அந்த உணர்வு எவ்வளவு நேரம் நின்றது என்று எண்ணுங்கள். இரண்டு நேரங்களையும் தனித்தனியாக எழுத வேண்டும். பல மாணவர்கள் பதில் வந்ததா இல்லையா என்பதோடு நிறுத்திவிடுகிறார்கள், ஆனால் குளிரை எடுத்த பிறகு வலி அரை நிமிடத்துக்கு மேல் நீள்வதுதான் திரும்ப முடியாத அழற்சியைச் சுட்டும். பதில் இருப்பதாலேயே பல் நலமாக இருக்கிறது என்று ஆகாது.

46, 35, 37 மூன்றையும் முதலில் சோதித்துவிட்டு, கடைசியாக 36. சந்தேகப் பல்லில் தொடங்கினால் நோயாளி அடுத்த பற்களுக்கும் பயத்தில் கை தூக்குவார். அவர் வாயில் சாதாரணப் பதில் எப்படி இருக்கிறது என்பதும் உங்களுக்குத் தெரியாமல் போகும்.

தலவாக்கலை_அம்மா

டொக்டர்மார், இடையில் புகுந்ததற்கு மன்னிக்கவும். மகனுக்குப் பத்து வயது. விளையாட்டு மைதானத்தில் விழுந்து மேல் முன்பல் அடிபட்டு இப்போது பன்னிரண்டு நாள். பல் ஆடாது, உடையவும் இல்லை. பல் டொக்டர் ஐஸ் வைத்தும் கரண்ட் வைத்தும் பார்த்தார், இரண்டுக்கும் ஒன்றும் தெரியவில்லை என்றான். நரம்பு செத்துவிட்டதா? உடனே வேர் மருந்து போடவேண்டும் என்று உறவுக்காரர் சொல்கிறார், டொக்டரோ பொறுத்துப் பார்ப்போம் என்கிறார். இந்த இழையைப் பார்த்ததும் எழுதுகிறேன்.

வேர்ச்சிகிச்சை_பதுளை

அம்மா, உங்கள் டொக்டர் சொன்னது சரியாகத்தான் இருக்கிறது. இந்த இரண்டு சோதனையும் பார்ப்பது நரம்பை. இரத்த ஓட்டத்தை அல்ல. அடிபட்ட பல்லில் நரம்பு கொஞ்ச நாள் மயங்கிப்போகும், இரத்தம் ஓடிக்கொண்டே இருக்கலாம். அந்த உணர்வு திரும்ப வாரங்களோ சில மாதங்களோ ஆகலாம். அதோடு பத்து வயதில் முன்பல்லின் வேர்நுனி இன்னும் முழுதும் மூடாமல் இருக்கலாம். அந்த வயதுப் பல்லில் ஓர நரம்பு வலை இன்னும் முழுதாக வளராததால், அடிபடாமலே கூட மின் சோதனைக்குப் பதில் வராமல் போகும்.

பதில் வரவில்லை என்ற ஒன்றை மட்டும் வைத்துப் பல்லைத் திறக்கக் கூடாது. வேர்நுனியில் எக்ஸ்ரேயில் மாற்றம், ஈறில் சீழ்க் கொப்புளம், தட்டினால் வலி நீடிப்பது, வேர் வளராமல் நிற்பது போன்ற இன்னொரு அடையாளமாவது சேர வேண்டும். நிறம் மட்டும் மாறினால் பயப்பட வேண்டாம், ஆனால் டொக்டரிடம் காட்டுங்கள். ஈறு வீங்கினால் தவணைக்குக் காத்திருக்காமல் போங்கள். மற்றபடி அவர் தரும் தவணைகளுக்குத் தவறாமல் கூட்டிப்போங்கள், ஒவ்வொரு முறையும் அவர் அதே சோதனையைச் செய்து ஒப்பிடுவார்.

மாணவர்களுக்கு: அந்த அம்மாவின் கேள்விக்குள் உங்கள் கேஸும் இருக்கிறது. இரத்த ஓட்டத்தை அளக்க லேசர் டொப்ளரும், இரத்தத்தின் ஒக்சிஜன் அளவைப் பார்க்கப் பல்ஸ் ஒக்சிமீட்டரும் உண்டு, ஆனால் நம் மலைநாட்டு ஆஸ்பத்திரிகளில் பல்லுக்கு அவற்றை எதிர்பார்க்க முடியாது. கையிலிருப்பது நரம்பின் பதில்தான்.

மூன்றாம்_ஆண்டு_பெண்

எனக்கு ஒரு சின்னக் கேள்வி. நான் பார்க்கிற தோட்டத்து ஆட்கள் எல்லோரும் எதைக் கேட்டாலும் "வலிக்குது டொக்டர்" என்கிறார்கள். வெறும் ட்வீசரை வைத்தாலும் கை தூக்குகிறார்கள். என்ன சொல்லிக் கேட்பது?

கண்டி_பல்மருத்துவர்

"வலிக்குதா?" என்று கேட்டால் அவர்களிடமிருந்து வரும் பதில் வலிக்குது என்பதுதான். கேள்வியை மாற்றுங்கள். "பல்லுல குளுமை பட்டா, கூசினா, உடனே இடது கையத் தூக்குங்க, குளுமை போனதும் எறக்குங்க" என்று சொல்லுங்கள். கை தூக்குவதும் இறக்குவதும் சேர்ந்தால் இரண்டு நேரமும் உங்களுக்குக் கிடைத்துவிடும். கூசுவது, நோவது, விறைப்பது மூன்றையும் எங்கள் ஆட்கள் பிரித்துத்தான் சொல்வார்கள். அவர்கள் சொன்ன சொல்லையே குறிப்பில் எழுதுங்கள். மின் சோதனைக்கு "எறும்பு ஊர்ற மாதிரியோ சுள்ளுன்னோ இருந்தா" என்று சொன்னால் போதும்.

ஸ்பிரே அடிக்காத காய்ந்த உருண்டையை ஒரு தடவை, சொல்லாமல் வையுங்கள். அதற்கும் கை தூக்கினால் அவர் தொடுகைக்கோ பயத்துக்கோ பதில் தருகிறார். அப்போது திரும்பவும் சொல்லிக்கொடுத்துவிட்டுத் தொடங்க வேண்டும்.

கண்டி_பல்மருத்துவர்

முந்தைய பதிவில் மின் சோதனையை விட்டுவிட்டேன். தம்பிக்கு இதுதான் முக்கியம்.

36க்கும் 37க்கும் இடையிலும், 35க்கும் 36க்கும் இடையிலும் செலுலொயிட் ஸ்ட்ரிப்பைச் செருகுங்கள். ரப்பர் டாம் போட்டால் இன்னும் நல்லது. உலோகம் உலோகத்தைத் தொட்டால் மின்சாரம் 37இன் உயிருள்ள பற்கூழுக்குப் போய்விடும், நோயாளி உணர்வது 37ஐ, நீங்கள் எழுதுவது 36ஐ. எச்சில் படலமும் இதே வேலையைச் செய்யும், அதனால் உலர்த்தி முடித்த உடனேயே வைக்க வேண்டும்.

பற்பசை முனையை மூடும் அளவு ஒரு பொட்டு போதும். கூடினால் வழிந்து ஈறைத் தொடும். முனையை நிரப்பின் மேல் வைக்கக் கூடாது. கீழ்க் கடைவாய்ப் பல்லில் முன்-வெளிக் குவிமுனையின் நல்ல எனாமலில் வையுங்கள், முன்பல்லானால் வெட்டு விளிம்போரம். நீங்கள் கையுறை போட்டிருப்பதால் சுற்று முடிய உதட்டுக் கொக்கி வாயில் இருக்க வேண்டும், அல்லது நோயாளி கைப்பிடியைத் தொட வேண்டும். இது விட்டுப்போனால் எல்லாப் பல்லும் செத்ததாகக் காட்டும். தூண்டல் ஏறும் வேகத்தைக் குறைத்து வையுங்கள், வேகம் அதிகமானால் உணர்வு வந்து கை தூக்குவதற்குள் எண் தாண்டிவிடும். ஒவ்வொரு பல்லிலும் கொஞ்ச இடைவெளி விட்டு இரண்டு தடவை.

வலி மாத்திரை போட்டு வந்தாரா என்றும் கேளுங்கள், குளிர்ப் பதில் மங்கிப்போகும்.

நான்காம்_ஆண்டு_கிளினிக்

இன்று திரும்பச் செய்தேன். வலி மாத்திரை எதுவும் எடுக்கவில்லை என்று கேட்டுக்கொண்டேன். காய்ந்த உருண்டைக்கு அவர் கை தூக்கவில்லை.

ஸ்பிரேயில் 46 மூன்று செக்கனில் கூசியது, எடுத்ததும் போய்விட்டது. 35 இரண்டு செக்கன். 37 ஐந்து செக்கன், அதுவும் எடுத்ததும் போய்விட்டது. 36 பதினைந்து செக்கன் வைத்தும் ஒன்றுமில்லை, சில நிமிடம் கழித்து மீண்டும் வைத்தேன், அப்போதும் இல்லை.

மின் சோதனையில் ஸ்ட்ரிப் போட்ட பிறகு 46க்கு 33, 37க்கு 37. 36 முன்-வெளிக் குவிமுனையில் 80, இரண்டு தடவையும் எதுவும் உணரவில்லை. ஸ்ட்ரிப்பை எடுத்துவிட்டு, முன்பு வைத்த இடத்தில் வைத்தேன், மீண்டும் 42! அது 37தான் என்று அப்போதே விளங்கியது. ஆனால் ஸ்ட்ரிப்போடு பின்-வெளிக் குவிமுனையில் வைத்தபோது ஒரு தடவை 68இல் "ஏதோ சுள்ளுன்னுச்சு" என்றார். அடுத்த தடவை 80 வரை இல்லை. இந்த 68ஐ எப்படி எடுப்பது?

இன்டர்ன்_நுவரெலியா

நான் சொன்னது தப்பு என்று இப்போது தெரிகிறது, 41ஐ நம்பியிருக்கக் கூடாது. ஆனால் இப்போது தெளிவுதானே, குளிரும் இல்லை, கரண்டும் இல்லை, பல் முழுதாகச் செத்துவிட்டது. 68ஐ விட்டுவிடு.

வேர்ச்சிகிச்சை_பதுளை

முழுதாக என்ற சொல்லை அவசரப்பட்டுப் போடாதீர்கள். 36க்கு இரண்டு வேர், பொதுவாக மூன்று குழாய். முன்வேரின் பற்கூழ் அழிந்து, பின்வேரில் கொஞ்சம் உயிர் மிஞ்சியிருப்பது அடிக்கடி காண்கிற நிலை. எக்ஸ்ரேயில் மாற்றம் முன்வேரில்தான் தெரிகிறது. 68 பின்பக்கக் குவிமுனையில் வந்தது அதோடு ஒத்துப்போகிறது. பின்குழாயில் உயிர் இருக்கலாம் என்று வைத்துத்தான் மயக்கமருந்து போட வேண்டும். செத்த பல் என்று ஊசி போடாமல் திறந்து, பின்குழாயில் ஃபைல் போனதும் நோயாளி துள்ளுவது இப்படித்தான்.

கண்டி_பல்மருத்துவர்

மயக்கமருந்து போடுவதில் எனக்கு மறுப்பில்லை. ஆனால் ஒரு தடவை வந்து மறுதடவை வராத 68ஐ உயிருள்ள குழாய் என்று நான் எழுத மாட்டேன். அழுகிய பற்கூழின் ஈரம் மின்சாரத்தை வேர்நுனிக்கு வெளியே கடத்தி, சுற்றுத் திசுவின் நரம்பைத் தூண்டினாலும் உயர்ந்த எண்ணில் இதே மாதிரி சுள்ளென்று இருக்கும். பின்பக்கக் குவிமுனை அமல்கத்துக்குக் கிட்ட, ஸ்ட்ரிப் ஒரு பக்கமாக நழுவியிருந்தாலும் போதும். இந்த மூன்றையும் இந்தக் கருவியால் பிரிக்க முடியாது.

தட்டினால் வலி, வேர்நுனி மாற்றம், நல்ல ஸ்பிரேயிலும் இரண்டு தடவை குளிர்ப் பதில் இல்லாமை, முன்பு இருந்த கடும் கூச்சம் தானாக நின்ற வரலாறு, எல்லாம் ஒரே திசையில் நிற்கின்றன. வேர்ச்சிகிச்சை செய்வதா என்ற முடிவை 68 மாற்றாது.

நான்காம்_ஆண்டு_கிளினிக்

அப்படியென்றால் ஊசி போடாமல் அமல்கத்தை எடுத்து, டென்டினை மெதுவாகத் துளைத்துப் பார்ப்பது தேவையா? இங்கே ஒருவர் அதைச் செய்யச் சொல்கிறார்.

வேர்ச்சிகிச்சை_பதுளை

நான் செய்வேன். எப்படியும் அந்த நிரப்பை எடுக்கத்தான் போகிறீர்கள், கூசினால் ஊசி போட்டுக்கொள்ளலாம். கூசினால் உயிர் மிஞ்சியிருக்கிறது என்ற நேரடித் தகவல் கிடைக்கும்.

கண்டி_பல்மருத்துவர்

நான் செய்ய மாட்டேன். ஏற்கெனவே பயந்து வந்திருக்கும் நோயாளியைத் தெரிந்தே கூச வைப்பதால், செய்யப்போகும் சிகிச்சை மாறுவதில்லை. வேறு எந்த அடையாளமும் இல்லாமல் சோதனைகள் மட்டும் முரண்படும் பல்லுக்கு அதை வைத்துக்கொள்ளலாம். இதில் டொக்டர் பதுளையும் நானும் ஒத்துப்போகப் போவதில்லை, உங்கள் மேற்பார்வையாளர் சொல்வதைச் செய்யுங்கள்.

மூன்றாம்_ஆண்டு_பெண்

ஒன்று மட்டும். இதயத்தில் பேஸ்மேக்கர் உள்ளவருக்கு மின் சோதனை செய்யலாமா? நுவரெலியா வெளிக்கள முகாமில் ஸ்பிரே கேனும் சரியாகப் பீச்சவில்லை.

வேர்ச்சிகிச்சை_பதுளை

பேஸ்மேக்கருக்கு மின் சோதனையைத் தவிர்க்கும்படிதான் நீண்ட காலம் கற்றுத்தந்தார்கள், புதிய கருவிகளில் அந்தப் பயம் குறைந்திருக்கிறது. இருந்தாலும் குளிரால் விடை கிடைக்கும்போது நான் மின்சாரத்தைத் தொடுவதில்லை.

நுவரெலியாவில் அதிகாலையில் கேன் குளிர்ந்து உள்ளழுத்தம் குறையும், பீச்சும் அளவும் குறையும், உருண்டை ஈரமாகும் ஆனால் பனி படராது. கேனைச் சற்று நேரம் உள்ளங்கையில் பிடித்துச் சூடாக்குங்கள், ஹீட்டருக்குக் கிட்ட வைக்கவே வேண்டாம். உருண்டையில் பனி வரவில்லை என்றால் பல்லில் வைக்காதீர்கள், அந்த எதிர்மறை முடிவுக்குப் பொருளே இல்லை. கேன் தீர்ந்தால் மயக்கமருந்து ஊசியின் புதிய, பாவிக்காத மூடியில் தண்ணீரை உறையவைத்து ஐஸ் குச்சி செய்யலாம். ஆனால் அது வெறும் பூச்சியம் பாகைதான், உருகி வழியும் தண்ணீர் பக்கத்துப் பல்லில் பட்டுப் பொய்ப் பதில் தரும், துணியால் சுற்றிப் பிடித்து, கடைசிப் பல்லில் தொடங்கி முன்னால் வாருங்கள்.

நான்காம்_ஆண்டு_கிளினிக்

குறிப்பில் இப்படி எழுதியிருக்கிறேன், பார்த்துத் திருத்துங்கள்: 36, குளிர் ஸ்பிரே, 15 செக்கன், இரு தடவையும் பதில் இல்லை. மின் சோதனை, ஸ்ட்ரிப்புடன், முன்-வெளிக் குவிமுனை, இரு தடவையும் பதில் இல்லை. பின்-வெளிக் குவிமுனை ஒரு தடவை 68, மறுதடவை பதில் இல்லை. ஒப்பீடு 46, 35, 37 சாதாரணம். ஸ்ட்ரிப் இல்லாமல் எடுத்த 41, 42 இரண்டும் 37 வழியாக வந்தவை.

கண்டி_பல்மருத்துவர்

"வந்தவை" என்பதை "வந்திருக்கக்கூடியவை" என்று மாற்றுங்கள். முனை வைத்த இடமும் மாறியிருக்கிறது, ஸ்ட்ரிப் மட்டும்தான் காரணம் என்று காட்ட அதே இடத்தில் ஸ்ட்ரிப்போடு ஒரு எண் எடுத்திருக்க வேண்டும். பற்பசைப் பொட்டு, கருவியின் வேக அமைப்பு இரண்டையும் சேர்த்தெழுதுங்கள்.

நான்காம்_ஆண்டு_கிளினிக்

அடுத்த தவணையில் திறப்பதற்கு முன் அதே இடத்தில் எடுக்கிறேன். பின்குழாயில் என்ன இருந்தது என்று இங்கே எழுதுகிறேன்.